வடை போட்டதும் எண்ணெய்க்கு என்ன ஆகிறது? மூன்று அடுப்புகளும் ஒரு கணக்கும்

கேஸ் அடுப்பில் மெதுவடை மொறுமொறுவென்று வருகிறது. அதே மாவை இண்டக்‌ஷன் அடுப்பில் சுட்டால் எண்ணெய் குடித்துவிடுகிறது. ஆசிரியர் ஓய்வறையில் இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். "இத்தனைக்கும் 180 டிகிரியில்தான் வைத்தேன் சார்" என்ற வரியும் கூடவே வரும். வெப்பப் பாடம் நடத்தும் எனக்கு அந்த வரிதான் உறுத்தும். அடுப்பின் திரையில் தெரியும் 180 எதனுடைய வெப்பநிலை? எண்ணெயினுடையதா, வாணலியினுடையதா, அடுப்பின் கண்ணாடியினுடையதா?

வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று வகுப்பில் சொல்கிறோம். மாணவர்களும் இரண்டு வரையறைகளையும் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அந்த வேறுபாடு கையில் பிடிபடும் இடம் வாணலிதான் என்பது என் எண்ணம். அடுப்பு வெப்பத்தைத் தருகிறது, எண்ணெய் அதை வாங்கி வைக்கிறது, வடை அதை எடுத்துக்கொள்கிறது. இந்த வரவுசெலவில் மிஞ்சுவதும் குறைவதும்தான் வெப்பநிலையாக நமக்குத் தெரிகிறது. மூன்று அடுப்புகளும் எங்கே வேறுபடுகின்றன என்பதைப் பார்க்க முதலில் இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம்.

ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெயின் எடை சுமார் 920 கிராம். அதன் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறக்குறைய 2 கிலோஜூல் வெப்பம் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 4.2 கிலோஜூல் வேண்டும். அதாவது எண்ணெய் தண்ணீரைவிட இரு மடங்கு எளிதாகச் சூடாகும், இரு மடங்கு எளிதாக ஆறும். 1.3 கிலோ எடையுள்ள தட்டையடி இரும்பு வாணலி இன்னொரு 0.6 கிலோஜூலைச் சேர்க்கிறது. ஆக, வாணலியும் எண்ணெயும் சேர்ந்து ஒரு டிகிரிக்கு 2.6 கிலோஜூல். இது நம் கையிருப்பின் அளவு.

இப்போது செலவு. தலா 40 கிராம் மாவில் ஆறு வடைகள் தட்டிப் போடுகிறோம். மொத்தம் 240 கிராம். அறை வெப்பநிலையில் இருக்கும் மாவு 100 டிகிரியை எட்டச் சுமார் 50 கிலோஜூல் ஆகும். அது சிறிய செலவுதான். பெரிய செலவு நீர் ஆவியாவதற்கு. நாம் பார்க்கும் குமிழி எண்ணெய் கொதிப்பதால் வருவது அல்ல. மாவிலுள்ள நீர் நீராவியாகி வெளியே வருவது. ஒரு கிராம் நீர் ஆவியாக 2.26 கிலோஜூல் தேவை. வடை வெந்து முடிவதற்குள் ஆறு வடைகளிலிருந்தும் சேர்த்து 50 கிராம் நீர் போகிறது என்று கொண்டால் 113 கிலோஜூல். இரண்டையும் கூட்டினால் சுமார் 160 கிலோஜூல். உள்ளுறை வெப்பத்துக்கு இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இந்த 160 கிலோஜூலும் நான்கு நிமிடத்தில் சமமாகப் பிரிந்து செலவாவதில்லை. மேற்பரப்பில் ஈரம் நிறைந்திருக்கும் முதல் நிமிடத்தில்தான் குமிழி பொங்குகிறது. ஏறக்குறையப் பாதியை, அதாவது 80 கிலோஜூலை, அந்த நிமிடமே கேட்கிறது என்று எடுத்துக்கொள்வோம். மீதி 80, அடுத்த மூன்று நிமிடங்களில் நிமிடத்துக்கு 27 வீதம் போகிறது.

இன்னொரு செலவும் உண்டு. எதுவும் போடாமல் சும்மா வைத்திருந்தாலும் சூடான எண்ணெய் காற்றுக்கு வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். இதை அளப்பது எளிது. 180 டிகிரியில் அடுப்பை அணைத்துவிட்டு ஒரு நிமிடத்தில் எத்தனை டிகிரி இறங்குகிறது என்று பார்த்தால் போதும். என் சமையலறையில் கேஸ் அடுப்பில் 5 அல்லது 6 டிகிரி இறங்குகிறது. நிமிடத்துக்குச் சுமார் 14 கிலோஜூல். வாட்டில் சொன்னால் 240. எனவே 180 டிகிரியை வெறுமனே தக்கவைக்க 240 வாட் போதும். வடை போட்ட முதல் நிமிடத்திலோ அதோடு இன்னும் 1,300 வாட் சேர்த்து வேண்டும். தேவை ஆறு மடங்குக்கும் மேல் சட்டென்று எகிறி, ஒரே நிமிடத்தில் மீண்டும் இறங்கிவிடுகிறது. ஓர் அடுப்பு எண்ணெயின் சூட்டைத் தக்கவைக்குமா என்ற கேள்வியின் சாரம், இந்த ஏற்ற இறக்கத்துக்கு அது எவ்வளவு விரைவாக ஈடுகொடுக்கிறது என்பதுதான்.

ஈடுகொடுக்காவிட்டால் என்ன? எண்ணெய் 150 டிகிரிக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் மேலோடு உருவாகத் தாமதமாகும், வடை அதிக நேரம் எண்ணெயில் கிடக்கும். நீராவி வேகமாக வெளியே வரும்வரை எண்ணெயால் உள்ளே நுழைய முடியாது. வடையை வெளியே எடுத்தபின், உள்ளே மிஞ்சிய நீராவி குளிர்ந்து சுருங்கும்போதுதான் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் எடுத்தவுடன் எண்ணெயை நன்றாக வடியவிடச் சொல்கிறார்கள். மாறாக எண்ணெய் 200 டிகிரியைத் தாண்டினால் வெளியே கருகும், உள்ளே மாவாகவே இருக்கும். எண்ணெயும் சீக்கிரம் கெடும்.

இனி அடுப்புகளுக்கு வருவோம். கேஸ் அடுப்பின் பெரிய பர்னரில் முழுத் தீ வைத்தால் பாதிக்கும் சற்று அதிகமான வெப்பமே பாத்திரத்துக்குப் போகிறது; மீதி பக்கவாட்டில் வழிந்து சமையலறையைச் சூடாக்குகிறது. இந்திய தர நிர்ணயத்தின்படி வீட்டு கேஸ் அடுப்பின் வெப்பத் திறன் குறைந்தது 68 விழுக்காடு இருக்க வேண்டும். அது தட்டையடிப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, காற்று அடிக்காத இடத்தில் சோதித்துப் பெறும் அளவு. மின்விசிறி சுழலும் நம் சமையலறையில் அது கிடைக்காது. ஆனாலும் முழுத் தீயில் 1,300 வாட் அளவுக்கு வாணலிக்குள் இறங்கும் என்று கொள்ளலாம்.

எண்ணெய் 180 டிகிரிக்கு வந்ததும் தீயைச் சிம்மில் வைத்து, அப்படியே ஆறு வடைகளையும் போட்டால் என்ன ஆகும்? சிம்மில் வரும் வெப்பம் காற்றுக்கு இழப்பதை மட்டுமே ஈடுகட்டும். வடை கேட்கும் 80 கிலோஜூலும் கையிருப்பிலிருந்துதான் போக வேண்டும். 80 ஐ 2.6 ஆல் வகுத்தால் 31 டிகிரி. ஒரே நிமிடத்தில் எண்ணெய் 150 டிகிரிக்கு அருகில் வந்துவிடும். அதுவே வடை போடும்போதே தீயை முழுதாக ஏற்றினால், இழப்பு போக நிமிடத்துக்குச் சுமார் 64 கிலோஜூல் வரவு இருக்கும்; எண்ணெய் 6 டிகிரிதான் இறங்கும். ஆனால் இரண்டாவது நிமிடத்தில் செலவு 27 ஆகக் குறைந்துவிடும். தீயை இறக்காவிட்டால் நிமிடத்துக்கு 14 டிகிரி வீதம் ஏறத் தொடங்கும்.

வடைக்கடைக்காரர் இதைத்தான் செய்கிறார். மாவைப் போடும்போது தீயை ஏற்றுகிறார், குமிழி தணியும்போது இறக்குகிறார். கேஸ் அடுப்புக்கு வெப்பநிலை என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது தீயின் அளவு மட்டும். குமிழியைப் பார்க்கும் கண்ணும் திருகியைத் திருப்பும் கையும்தான் அங்கே கட்டுப்பாட்டுக் கருவி. அது நன்றாக வேலை செய்வதற்குக் காரணம், கை திருப்பிய அந்த நொடியே தீ மாறிவிடுவது. அணைத்தபின் பர்னரில் மிஞ்சும் வெப்பமும் சொற்பம். சேமிப்பில்லாத அடுப்பு என்பதுதான் வறுப்பதற்கு கேஸின் பெரிய பலம்.

காயில் அடுப்பு இதற்கு நேர் எதிர். நைக்ரோம் கம்பிச் சுருள் சிவந்து, அது பதிந்திருக்கும் பீங்கான் தட்டு சூடாகி, அங்கிருந்து கதிர்வீச்சாகவும் காற்று வழியாகவும் பாத்திரத்துக்கு வெப்பம் போகிறது. இரும்புத் தகட்டுக்குள் கம்பி மறைந்திருக்கும் ஹாட் பிளேட்டும் இதே இனம்தான். 1,000 வாட் அடுப்பில் 65 விழுக்காடு வாணலிக்குப் போனால் 650 வாட். காற்றுக்கு இழப்பதைக் கழித்தால் 410 வாட், நிமிடத்துக்கு 25 கிலோஜூல். முதல் நிமிடத்தில் 55 கிலோஜூல் பற்றாக்குறை விழுகிறது. எண்ணெய் 21 டிகிரி இறங்கி 160 அளவுக்கு வரும். அடுத்த மூன்று நிமிடமும் வரவு 25, செலவு 27. வடையை எடுக்கும்வரை எண்ணெய் ஏறவே ஏறாது.

மாலையில் மின்னழுத்தம் குறையும் ஊர்களில் நிலைமை இன்னும் மோசம். சுருளின் திறன் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 230 வோல்ட் 200 ஆகக் குறைந்தால் நமக்கு 13 விழுக்காடுதான் குறைந்ததுபோலத் தோன்றும். ஆனால் 1,000 வாட் அடுப்பு 756 வாட் அடுப்பாகிவிடும். அதே கணக்கை மறுபடி போட்டால் முதல் நிமிடத்தில் 155 டிகிரிக்கு இறங்கி, பிறகும் நிமிடத்துக்கு 4, 5 டிகிரி குறைந்துகொண்டே போய், நான்காவது நிமிட முடிவில் 140 ஐ நெருங்கும். ஜூல் வெப்ப விதியை நடத்தும்போது இந்தக் கணக்கை மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள்.

அப்படியென்றால் 2,000 வாட் சுருள் வாங்கினால் சரியாகிவிடாதா? திறன் போதும், கட்டுப்பாடுதான் போதாது. ஒரு கிலோ பீங்கான் எண்ணெயைவிட 300 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் அதில் 250 கிலோஜூலுக்கு மேல் சேமிப்பு இருக்கிறது. சுவிட்சை அணைத்தபின் அதில் மூன்றில் ஒரு பங்கு வாணலிக்கு வந்தாலே எண்ணெய் 30 டிகிரி ஏறக் காரணமாகிவிடும். 180 ஆனதும் அணைத்தேன், ஆனாலும் புகைந்துவிட்டது என்பது இதனால்தான். குறைத்தாலும் உடனே குறையாது, கூட்டினாலும் உடனே கூடாது. கையால் செய்த மாற்றம் இரண்டு மூன்று நிமிடம் கழித்துத்தான் எண்ணெய்க்குத் தெரியும். வடையின் அவசரமோ ஒரு நிமிடம்தான்.

இந்தத் தாமதத்தைத் தடுக்க முடியாது, ஆனால் பயன்படுத்திக்கொள்ளலாம். 180 வரும்வரை காத்திருக்காமல், எண்ணெய் 170 ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கும்போதே முதல் ஈட்டை முழுத் திறனில் போட்டால், பீங்கானில் சேர்ந்திருக்கும் வெப்பம் சரியாக வடை கேட்கும் நேரத்தில் வந்து சேரும். ஈட்டுக்கும் ஈட்டுக்கும் இடையே இடைவெளி விடாமல் போட வேண்டும். கடைசி ஈடு வெந்துகொண்டிருக்கும்போதே அணைத்துவிடலாம். சூடு மீறினால் எண்ணெய் வாணலியைத் தூக்கி மாற்றலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அடுப்பை அணைத்து, மூடி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பதே வழி. கம்பி வெளியே தெரியும் திறந்த சுருள் அடுப்பில் எண்ணெய் வறுப்பதையே நான் பரிந்துரைக்க மாட்டேன். உலோக வாணலி கம்பியைத் தொட்டால் மின்னதிர்ச்சி; எண்ணெய் வழிந்தால் சிவந்த கம்பியில் தீப்பற்றும்.

இண்டக்‌ஷன் அடுப்பின் கதை வேறு. கண்ணாடித் தகட்டுக்குக் கீழே தாமிரச் சுருளில் நொடிக்கு 20,000 முறைக்கும் மேல் திசை மாறும் மின்னோட்டம் ஓடுகிறது. அது வாணலியின் அடியில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்ட, அடிப்பாகமே அடுப்பாகிவிடுகிறது. கொடுக்கும் மின்சாரத்தில் 80 முதல் 85 விழுக்காடு வரை பாத்திரத்துக்குப் போய்விடும். 1,600 வாட்டில் வைத்தால் 1,300 வாட்டுக்கு மேல் எண்ணெய்க்குக் கிடைக்கும். முழுத் தீ வைத்த கேஸுக்கு இணை. கூட்டினாலும் குறைத்தாலும் உடனே மாறும். இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் வறுப்பதற்கு இதுவே சிறந்த அடுப்பாக இருக்க வேண்டும். ஓய்வறைப் புகார் எங்கிருந்து வருகிறது?

வெப்பநிலை உணரி இருக்கும் இடத்திலிருந்து வருகிறது. வீட்டு இண்டக்‌ஷன் அடுப்புகளில் அந்தச் சிறு உணரி பொதுவாகச் சுருளின் நடுவே, கண்ணாடியின் அடிப்பரப்பில் ஒட்டியிருக்கும். அது அளப்பது கண்ணாடியின் சூட்டை. எண்ணெயின் சூடு வாணலியின் அடி வழியாக, கண்ணாடி வழியாகக் கீழே வந்துதான் உணரிக்குத் தெரிய வேண்டும். எண்ணெய் சூடேறும் நேரத்தில் வாணலியின் அடி எண்ணெயைவிடப் பல டிகிரி கூடுதலாக இருக்கும். அதனால் எண்ணெய் 150, 160 இல் இருக்கும்போதே அடுப்பு 180 வந்துவிட்டது என்று முடிவு செய்து திறனைக் குறைத்துவிடும். நாமும் திரையை நம்பி மாவைப் போடுகிறோம். எண்ணெய் சரிகிறது, ஆனால் சூடேறிய கண்ணாடி உடனே ஆறாது. உணரி அதைக் கவனித்து மறுபடி முழுத் திறன் தருவதற்குள், வடை அதிகம் கேட்ட அந்த முதல் நிமிடம் முடிந்துவிடுகிறது. அடுப்பில் வேகம் இருந்தும் அதற்குத் தகவல் தாமதமாகப் போகிறது.

தவறு எதிர்த் திசையிலும் நடக்கும். வாணலியின் அடி நெளிந்து நடுவில் மேலே எழும்பியிருந்தால், கண்ணாடிக்கும் அடிக்கும் இடையே காற்று இடைவெளி வரும். உணரிக்கு உண்மைச் சூடு எட்டாது. எண்ணெய் 180 ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கும்போதும் அடுப்பு திறனைக் குறைக்காது. எண்ணெய் மிகக் குறைவாக இருந்தாலும் இதே ஆபத்து: கையிருப்பு சிறியதாகையால், உணரி விழித்துக்கொள்வதற்குள் எண்ணெய் புகையத் தொடங்கிவிடும். வாங்கும்போது ஓர் அளவுகோலை வாணலியின் அடியில் குறுக்காக வைத்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வறுப்பதற்கு அந்த வாணலி வேண்டாம். உருண்டை அடி வாணலியும் வெறும் அலுமினிய வாணலியும் இதில் சூடேறா என்பது பலருக்கும் தெரிந்ததே.

குறைந்த திறனில் வைத்தால் பல அடுப்புகள் தொடர்ந்து குறைவாகத் தராமல், சில நொடி முழுதாகத் தந்து சில நொடி நிறுத்தும். குமிழி பொங்கிப் பொங்கி அடங்குவதிலிருந்து இதைக் கண்டுகொள்ளலாம். ஒரு லிட்டர் எண்ணெய் இருந்தால் இதனால் பெரிய கேடில்லை. ஐந்து நொடி நின்றால் ஓரிரு டிகிரிக்கு மேல் இறங்காது. கால் லிட்டரில் அப்பளம் பொரிக்கும்போது வித்தியாசம் தெரியும்.

எனவே இண்டக்‌ஷனில் வறுக்கும்போது நான் வெப்பநிலைப் பொத்தானையும் 'டீப் ஃப்ரை' பொத்தானையும் தொடுவதில்லை. வாட்டில் வைத்து, கேஸ் அடுப்பைப் போலவே நடத்துகிறேன். எண்ணெய் சூடாகும்வரை 1,200. மாவைப் போடும்போது 1,600. குமிழி தணிந்ததும் 600 அல்லது 800. எண்ணெயின் சூட்டை அறிய, எண்ணெயில் நிற்கும் எஃகுக் குச்சி கொண்ட, 300 டிகிரி வரை காட்டும் சமையல் வெப்பநிலைமானி போதும். குச்சியின் நுனி வாணலியின் அடியைத் தொடக்கூடாது. தூரத்திலிருந்து காட்டும் அகச்சிவப்புக் கருவி நுரையும் நீராவியும் உள்ள பரப்பில் சரியாகக் காட்டாது. வெப்பநிலைமானி இல்லையென்றால், கொஞ்சம் மாவைக் கிள்ளிப் போடும் பழைய வழி நம்பத்தக்கது: அடியில் தங்கினால் சூடு போதாது, போட்டதும் குமிழியோடு மேலே வந்தால் பதம், வந்த சில நொடியில் கருத்தால் மிஞ்சிவிட்டது.

எந்த அடுப்பானாலும் ஈட்டின் அளவைக் குறைப்பது உடனடிப் பலன் தரும். 1,000 வாட் காயிலில் ஆறுக்குப் பதில் மூன்று வடை போட்டால் முதல் நிமிடத் தேவை 80 இலிருந்து 40 கிலோஜூலாகிவிடும். எண்ணெய் 6 டிகிரிதான் இறங்கும், அடுத்த நிமிடமே மீளத் தொடங்கும். கனமான வாணலியும் அதிக எண்ணெயும் சரிவைக் குறைக்கும். ஆனால் அவை மீண்டும் சூடேறும் நேரத்தையும் நீட்டும்.

இதை வகுப்பில் எண்ணெய் வைத்துச் செய்யக்கூடாது. ஆய்வகத்திலுள்ள 110 டிகிரி வெப்பநிலைமானியைச் சூடான எண்ணெயில் விட்டால் உடைந்துவிடும்; தீ விபத்தின் ஆபத்தும் இருக்கிறது. தண்ணீரில் செய்யலாம். ஒரே வாணலியில் ஒரு லிட்டர் தண்ணீரை 60 டிகிரி வரை சூடாக்கி, அடுப்பை அணைத்து, வாணலியை அடுப்பிலேயே வைத்தபடி, அடுத்த மூன்று நிமிடம் அரை நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறிக்கச் சொல்லுங்கள். ஆசிரியர் அடுப்பை இயக்க, மாணவர்கள் தள்ளி நின்று அளவைப் பதியட்டும். சுருள் மூடிய ஹாட் பிளேட்டில் அணைத்த பின்னும் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். கேஸிலும் இண்டக்‌ஷனிலும் ஏற்றம் ஒன்றிரண்டு டிகிரிக்குள் நின்றுவிடும். மூன்று கோடுகளையும் ஒரே வரைபடத்தில் வரைந்தபின், தண்ணீருக்குப் பதில் எண்ணெய் இருந்திருந்தால் அந்த ஏற்றம் எவ்வளவு இருக்கும் என்று கேளுங்கள். தன்வெப்ப ஏற்புத்திறன் பாதி என்பதால் ஏறக்குறைய இரு மடங்கு என்ற விடையைச் சிலர் உடனே சொல்வார்கள். வாணலியின் பங்கை யார் கணக்கில் சேர்க்கிறார்கள் என்று பாருங்கள்.